கான்கிரீட் அன்று வராத சித்தாள்: ஒரு நிகழ்வு ஆய்வு

மதுரைக்கு வெளியே, 800 சதுர அடியில் ஒரு வீடு. வேலையை எடுத்திருந்தவர் ஒரு சின்ன கான்ட்ராக்டர். ஊரில் அவரை எல்லாரும் மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். அவருக்கு ஆள் கணக்கு எழுதுகிறவன் நான். தளம் போட்ட வியாழக்கிழமை ஒரு சித்தாள் அக்கா வேலைக்கு வரவில்லை. அன்று சாயங்காலம் அவரே வந்து மேஸ்திரியிடம் பேசி, தன் பெயரை நோட்டில் நிலைநிறுத்திக்கொண்டார். அந்தப் பேச்சு ஐந்து நிமிடம்கூட இருக்காது. பக்கத்தில் நின்று கேட்டவன் என்பதாலும், அன்றைய குழப்பத்தில் என் பங்கும் இருந்தது என்பதாலும் எழுதி வைக்கிறேன்.

முதலில் அந்த நாள் எப்படிப்பட்ட நாள் என்று சொல்லிவிட வேண்டும். கட்டட வேலையில் எல்லா நாளும் ஒரே நாள் கிடையாது. பூச்சு வேலை நடக்கும்போது ஒரு சித்தாள் வரவில்லை என்றால், கொத்தனார் கொஞ்சம் முணுமுணுப்பார், கலவை கொஞ்சம் தாமதமாக வரும், அவ்வளவுதான். தளம் போடும் நாள் அப்படி இல்லை. ஆரம்பித்தால் முடிக்காமல் நிறுத்த முடியாது. போட்ட கலவையின் ஓரம் இறுகுவதற்குள் அடுத்த கலவை அதோடு போய்ச் சேர வேண்டும். பாதியில் காத்திருந்தால் பின்னால் மழை பெய்யும்போது அந்த ஒட்டு வழியாகத்தான் ஒழுகும். அதனால் அன்றைக்கு டீ குடிப்பதுகூட முறை வைத்துத்தான்.

எங்கள் தளத்துக்கு 5 அங்குல கனம், பீம் எல்லாம் சேர்த்து 92 மூட்டை சிமெண்ட் கணக்கு. ஒரு மூட்டை பிடிக்கிற மிக்ஸர் மெஷின். ஒவ்வொரு மூட்டைக்கும் எங்கள் பாண்டு சட்டியில் 4 சட்டி எம்-சாண்ட், 8 சட்டி ஜல்லி. ஆகமொத்தம் 12 சட்டி. இதை அள்ளிக்கொண்டு வந்து மெஷினில் கொட்ட 4 சித்தாள்கள். ஆளுக்கு 3 நடை, ஒரு மூட்டை முடிந்தது. அதற்கு 4 நிமிடம் ஆகும் என்று வைத்துக்கொள்ளலாம். 92 மூட்டைக்கு 6 மணி நேரத்துக்குச் சற்று மேலே.

நால்வரில் ஒருவர் குறைந்தால் மீதி மூவரும் ஆளுக்கு 4 நடை போக வேண்டும். 4 நிமிடம் 5 நிமிடமாகிறது. கேட்க ஒரு நிமிடம்தான். 92 மூட்டைக்கும் அப்படியே ஓடினால் ஒன்றரை மணி நேரம் கூடுதல். மேலே வைப்ரேட்டர் பிடிக்கிறவரும், மட்டம் பார்க்கிற கொத்தனார்கள் இரண்டு பேரும், கலவை சுமக்கிறவர்களும் கீழே இருக்கிற இந்த மூன்று பெண்களின் கால் வேகத்துக்குக் காத்திருப்பார்கள். கூலி எல்லாருக்கும் ஓடிக்கொண்டிருக்கும்.

இன்னொன்று, வெளியே தெரியாதது. சட்டியை எண்ணுவது அந்தப் பெண்கள்தான். மெஷின்காரர் எண்ண மாட்டார். நாலு பேரும் சேர்ந்து பழகியிருந்தால் யார் மணல், யார் ஜல்லி என்று வாயைத் திறக்காமலே நடக்கும். அந்த அக்கா இதில் ஜல்லிப் பக்கம் நிற்பவர். கணக்கு அவர் வாயில் இருக்கும். ஏழு, எட்டு என்று சொல்லி கையைக் காட்டினால் மெஷின் தொட்டியை மேலே தூக்குவார்கள்.

சரி, நடந்தது என்ன.

புதன்கிழமை இரவு அக்காவின் பிள்ளைக்குக் காய்ச்சல் ஏறி, ராத்திரியோடு ராத்திரியாகப் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். கிளம்பிய அவசரத்தில் போன் வீட்டிலேயே கிடந்துவிட்டது. அது கையில் இருந்திருந்தாலும் அவரால் கூப்பிட்டிருக்க முடியாது. ரீசார்ஜ் முடிந்து இரண்டு நாள். வருகிற அழைப்பு வரும், போகிற அழைப்பு போகாது. காலையில் துணி எடுக்க வீட்டுக்கு வந்தவர், 6 மணிக்கு அதே தெருவில் இருக்கிற எங்கள் ஆண் கூலியாள், நிமிந்தாள் என்போம், ஒருவரிடம், “மேஸ்திரிகிட்ட சொல்லிருங்க, புள்ளைக்கு முடியல, இன்னிக்கு வரமாட்டேன்” என்று சொல்லிவிட்டுத் திரும்பப் போய்விட்டார். கையில் இருந்த வழியில் சொல்லிவிட்டார், அதில் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அந்த நிமிந்தாள் சைட்டுக்கு வந்ததும் முதலில் கண்ணில் பட்ட கொத்தனாரிடம் சொன்னார். கொத்தனார் மேலே ஏறிவிட்டார். மேஸ்திரிக்குத் தெரிந்திருக்கும் என்று அவர் நினைத்துக்கொண்டார். தான் சொல்லியாயிற்று என்று நிமிந்தாள் நினைத்துக்கொண்டார். 8 மணிக்கு மெஷின் ஓட ஆரம்பித்தது, மூன்று பெண்களோடு. மேஸ்திரி அக்காவின் நம்பருக்கு மூன்று முறை அடித்தார். மணி அடிக்கிறது, எடுக்கவில்லை. யாருமில்லாத வீட்டில் அது அடித்துக்கொண்டிருந்தது என்று அவருக்கு எப்படித் தெரியும்? வேண்டுமென்றே எடுக்கவில்லை என்று முடிவு கட்டிவிட்டார்.

அந்த முடிவுக்கு ஒரு காரணம் இருந்தது. அக்கா 3,000 ரூபாய் அட்வான்ஸ் வாங்கியிருந்தார். வாரம் 300 வீதம் 4 வாரம் பிடித்தது போக 1,800 நின்றது. அட்வான்ஸ் நிற்கிற ஆள் சொல்லாமல் ஒரு நாள் வராவிட்டால் மேஸ்திரிகளுக்கு மனது முதலில் அங்கேதான் போகும். “காச வாங்கிட்டு கம்பி நீட்டிருச்சுய்யா” என்று என்னிடம் சொன்னார். வேறு கான்ட்ராக்டர் கூடக் காசு கொடுத்து ஆளை இழுத்துக்கொள்வது இந்தத் தொழிலில் வாடிக்கை, அதுவும் தளம் போடுகிற நாள்களில். சாதாரண நாள் கூலி 600 என்றால் தளத்துக்கு 700 கொடுக்கிறோம், பக்கத்து சைட்டில் 800 கொடுப்பார்கள்.

ஒன்பதரை மணிக்கு நான் ஆஜர் எழுத மேலே போனபோதுதான் கொத்தனார், “அதுதான் வரமாட்டேன்னு சொல்லிவிட்டிருச்சே” என்றார். செய்தி சைட்டுக்குள் வந்து இரண்டரை மணி நேரமாகிவிட்டது. அது மேலே இருந்தது, மேஸ்திரி கீழே இருந்தார்.

அந்த இரண்டரை மணி நேரம்தான் இந்த நிகழ்வின் முக்கியமான இடம். பஸ் ஸ்டாப்பில் கூலி வேலைக்கு நிற்கிறவர்கள் காலை 7 மணிக்கு நிறையப் பேர் இருப்பார்கள். எட்டரைக்குள் எல்லாரையும் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். ஒன்பதே முக்காலுக்கு அங்கே போனால் மிஞ்சியிருப்பது எல்லாரும் வேண்டாம் என்று விட்டுப்போன ஆள்தான். எங்களுக்கு ஒரு பையன் கிடைத்தான். 800 கேட்டான், பேரம் பேச நேரமில்லை. பத்தரைக்கு வந்து சேர்ந்தான். அதற்குள் 30 மூட்டை ஓடியிருந்தது. நாலு பேர் இருந்திருந்தால் 37 ஓடியிருக்கும்.

பையன் பலசாலி. ஆனால் எண்ணத் தெரியாது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு மூட்டைக்கு ஜல்லி 7 சட்டியோடு நின்றுவிட்டது, அடுத்ததற்கு மணல் 5 விழுந்தது. கலவை கொட்டும்போதே தெரிந்துவிடும். ஜல்லி முகத்தைக் காட்டாமல் கஞ்சி மாதிரி வழுக்கிக்கொண்டு வரும். மூத்த சித்தாள் ஒருவரை எண்ணச் சொல்லிச் சத்தம் போட்டபிறகுதான் சரியாயிற்று. சாப்பாட்டு நேரம் எல்லாம் சேர்த்து, மூன்றரைக்கு முடிய வேண்டியது நாலரைக்கு முடிந்தது. வீட்டுக்காரர் கொடுத்த பிரியாணியை எல்லாரும் ஆறிப்போய்ச் சாப்பிட்டோம்.

மேஸ்திரி அன்று முழுக்க “ஆயிரக்கணக்குல நட்டம்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பையனுக்குக் கூடுதலாக 100 ரூபாய், எல்லாருக்கும் சேர்த்து ஒரு மணி நேரம். அதற்குத் தனியாக யாருக்கும் காசு கொடுக்கவில்லை. கையை விட்டுப் போன காசு உண்மையில் 100 ரூபாய்தான். ஆனால் காலையில் ஏழு மணிக்கே அவர் காதில் விழுந்திருந்தால் அந்த 100 கூடப் போயிருக்காது, எண்ணத் தெரிந்த ஒரு பெண்ணையே கூட்டி வந்திருப்பார். அவர் கோபம் நட்டத்தின் மேல் இல்லை. மெஷின் ஓட ஆரம்பித்தபிறகு ஆள் தேடி நிற்க வைத்துவிட்டாள் என்பதன் மேல்.

அக்கா அன்று மாலை ஆறு மணிக்கு வந்தார். மறுநாள் காலையில் வந்திருக்கலாம், பலரும் அப்படித்தான் செய்வார்கள். ஆனால் நாளைக்கு யார் யார் என்பதை மேஸ்திரி முந்தின நாள் சாயங்காலமே முடிவு செய்துவிடுவார். கை கால் கழுவிவிட்டு, பீடி பற்ற வைத்துக்கொண்டு, என் நோட்டைப் பார்த்து, நீ வா, நீ வா என்று சொல்வார். விடிந்து வருகிறவர் முடிந்துபோன கணக்கில் வந்து நிற்கிறார். போன வருடம் ஒரு நிமிந்தாள் அப்படி இழந்தார். அவருக்கும் நியாயமான காரணம்தான், கையில் ஆஸ்பத்திரிச் சீட்டும் இருந்தது. இரண்டு நாள் கழித்து வந்தார். அவர் இடத்தில் ஆள் நின்றுகொண்டிருந்தது. மேஸ்திரி சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

தளம் முடிந்த சாயங்காலத்துக்கு இன்னொரு பொல்லாத குணமும் உண்டு. மறுநாளிலிருந்து ஆள் குறையும். தளத்துக்குக் கீழே தாங்கக் கொடுத்த முட்டு எடுக்க, அறையின் அகலத்தைப் பொறுத்து 7 நாளிலிருந்து 14 நாள் ஆகும். அதுவரை உள்ளே வேலை கிடையாது. வியாழன் 14 பேர், வெள்ளி 5 பேர். யாரைக் கழிப்பது என்று முடிவு செய்கிற நேரத்தில், அன்று காலையில் கோபம் வரவழைத்த பெயர்தான் முதலில் அடிபடும். கோபம் தணிந்து ஒரு வாரம் கழித்து யோசித்தால் விட்டுவிடக்கூடிய தவறு, அன்று சாயங்காலம் ஆளையே வெளியேற்றிவிடும். அக்காவுக்கு இது தெரியும். பதினைந்து வருட அனுபவம்.

வந்து நேராக மேஸ்திரி முன்னால் நின்றார். உட்காரவில்லை.

“அண்ணே, இன்னிக்கு வர முடியல. ஆள் மூலமா சொல்லிவிட்டேன், உங்க காதுக்கு வரலன்னு இப்பத்தான் கேள்விப்பட்டேன். நானே உங்ககிட்ட சொல்லியிருக்கணும்.”

“போன எடுக்க மாட்டியாம்மா? மூணு தடவ அடிச்சேன்.”

“போன் வீட்ல கெடந்துச்சுண்ணே. நான் ஆஸ்பத்திரில இருந்தேன்.”

இங்கே மேஸ்திரி கொஞ்சம் நிறுத்தினார். “யாருக்கு?” என்று அவரே கேட்டார். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று அக்கா சொன்னார், இப்போது பரவாயில்லை, மதியம் அனுப்பிவிட்டார்கள் என்றார். அதோடு விட்டுவிட்டார். முந்தானையில் சீட்டு முடிந்திருந்தது, எனக்குத் தெரிந்தது. எடுத்து நீட்டவில்லை. நான் கவனித்தவரை, காரணத்தை முதலில் வைத்து அழுகிறவர்களிடம் மேஸ்திரி சீக்கிரம் பொறுமை இழப்பார். எல்லா வீட்டிலும் காய்ச்சல் வரும், எனக்கு வராதா என்பார். அக்கா நடந்த தவறை முதலில் சொன்னார். காரணம், அவர் கேட்டதற்குப் பதிலாக வந்தது. கேட்டு வாங்கிய காரணத்தை யாரும் சாக்கு என்று சொல்ல மாட்டார்கள்.

இருந்தாலும் மேஸ்திரி விட்டுவிடவில்லை. “உன்னால எனக்கு எவ்வளவு அலைச்சல் தெரியுமா? நேத்து வேலையிலயும் அரை நாள் பிடிக்கணும்” என்றார். அக்கா அதற்குப் பதில் சொல்லவே இல்லை. பேசாமல் நின்றார். இது எனக்கு முக்கியமாகப் பட்டது. அவர் அப்படிப் பிடிக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். வராத நாளுக்கு அந்த நாளின் கூலிதான் போகும், செய்த வேலைக்கான கூலியில் கை வைக்கக் கூடாது. 1936-ம் வருடத்துக் கூலி வழங்கல் சட்டத்திலேயே இது இருந்தது, 2019-ம் வருடத்துக் கூலிச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ பேசி வைத்துக்கொண்டு, முன்னறிவிப்பில்லாமல், நியாயமான காரணமுமில்லாமல் வராமல் போனால் மட்டும் 8 நாள் கூலி வரை பிடிக்க இரண்டிலும் இடம் உண்டு. ஒரு அக்கா, ஒரு காய்ச்சல், அதற்கு அரை நாள் தண்டம் கிடையாது. ஆனால் அந்த இடத்தில் அதைச் சொல்லியிருந்தால் அவர் ஜெயித்திருப்பார், வேலை போயிருக்கும். மேஸ்திரியும் கோபத்தில் சொன்னதுதான், சனிக்கிழமை அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் நான் பேசியிருப்பேன், அது என் வேலை.

“நாளைக்கு வேல இல்லம்மா. தளம் போட்டாச்சு. சொல்லி அனுப்புறேன்.”

சொல்லி அனுப்புகிறேன் என்றால் என்ன அர்த்தம் என்று இந்தத் தொழிலில் எல்லாருக்கும் தெரியும்.

“நாளைக்கு சித்தாள் வேல இல்லன்னு தெரியும்ண்ணே. தண்ணி விட ஆள் வேணும்ல? காலைல சாக்கு நனைச்சுப் போடணும், சாயங்காலம் பாத்தி கட்டணும். நான் பாக்குறேன். அரை ஷிப்ட் போடுங்க, போதும்.”

“அந்தப் பையன வரச் சொல்லிட்டேன்.”

“வரட்டும்ண்ணே. அவன் பாத்தி கட்டுனா நான் தண்ணி சுமக்குறேன். திங்கக்கெழமை பின் பக்கம் செவுத்துக்கு செங்கல் ஏத்துறப்ப என் பேரு இருக்கட்டும். அதுதான் கேக்குறேன்.”

இதில் அவர் கேட்டது என்ன என்று பாருங்கள். நாளைக்கு முழு வேலை கொடு என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் இல்லை என்பதுதான் பதில், அது உண்மையும்கூட. தளம் போட்ட மறுநாள் யாராவது ஒருவர் செய்தே ஆக வேண்டிய, ஆனால் யாரும் விரும்பாத வேலையைக் கேட்டார். நாம் வாங்குகிற சிமெண்டுக்குக் குறைந்தது 10 நாள் தளத்தில் தண்ணீர் நிற்க வேண்டும். வெயிலில் ஏறி, பாத்தி எங்கே உடைந்திருக்கிறது என்று பார்த்து அடைக்க வேண்டும். அரை ஷிப்ட் காசுக்கு காலையும் மாலையும் இரண்டு முறை வந்து போக வேண்டும். அப்புறம், அவருக்கு உண்மையிலேயே வேண்டியது எதுவோ அதற்கு ஒரு நாள் சொன்னார், திங்கட்கிழமை என்று. “பார்த்துச் செய்யுங்கண்ணே” என்று விட்டிருந்தால் மேஸ்திரி பார்த்துச் செய்கிறேன் என்றே சொல்லியிருப்பார்.

கடைசியாக அவரே அட்வான்ஸை எடுத்தார். “1,800 நிக்கிதுண்ணே. இந்த வாரம் நாள் கம்மிதான், ஆனாலும் 300ஐப் பிடிச்சுக்கங்க. விடச் சொல்ல மாட்டேன்.”

மேஸ்திரி பீடியைக் கீழே போட்டார். “சரி, ஆறரைக்கு வந்து சாக்கப் போடு” என்றார். திரும்பி என்னைப் பார்த்து, “பேர எடுக்காத” என்றார். நான் எடுத்திருக்கவில்லை.

அதுதான் என் பங்கு, சொல்லிவிடுகிறேன். என் நோட்டில் ஒரு பக்கத்துக்கு 14 வரி. வந்தவர்களுக்கு 1, அரை நாளுக்கு ½, வராதவர்களுக்கு சுழி. பையனுக்குத் தனி வரி இல்லாததால் அவசரத்தில் அக்காவின் வரியிலேயே 1 போட்டு, ஓரத்தில் சின்னதாகப் ‘பையன்’ என்று எழுதியிருந்தேன். அவனுக்கு அன்று சாயங்காலமே கையில் 800 கொடுத்தாயிற்று. சனிக்கிழமை கூட்டும்போது ஓரத்தில் எழுதியதை நானே பார்க்கவில்லை. அக்காவுக்கு திங்கள், செவ்வாய், புதன் மூன்று, வியாழன் ஒன்று, வெள்ளியும் சனியும் அரை அரை, மொத்தம் 5 என்று படித்தேன். “நாலுதான். வியாழன் எனக்கு இல்ல” என்றார். 4 ஷிப்ட், 2,400. 300 போக 2,100 எண்ணிக் கொடுத்தேன். தப்பு இந்தப் பக்கம் நடந்ததால் வெளியே வந்தது. அந்தப் பக்கம் நடந்திருந்தால், வந்த நாளைச் சுழி என்று எழுதியிருந்தால், அதை நிரூபிக்க அவரிடம் எந்தத் தாளும் இருந்திருக்காது. கட்டுமானத் தொழிலாளர் நல நிதியில் பயனாளியாகப் பதிவதற்கே 12 மாதத்தில் 90 நாள் வேலை செய்திருக்க வேண்டும் என்பது 1996-ம் வருடத்துச் சட்டத்திலிருந்தே உள்ள விதி. அந்த நாள்களின் ஒரே சாட்சி பல சைட்டுகளில் என்னுடையது மாதிரி ஒரு ரூல் போட்ட நோட்டுதான். இப்போது மாற்று ஆளுக்குப் பின் பக்கத்தில் தனி வரி போடுகிறேன்.

பையன் வெள்ளிக்கிழமை வரவில்லை. ஏன் என்று யாரும் கேட்கவுமில்லை. அக்கா ஆறரைக்கு முன்பே வந்து சாக்குகளை நனைத்துப் போட்டிருந்தார். திங்கட்கிழமை செங்கல் ஏற்றினார், முழு ஷிப்ட்.

அடுத்த தளத்துக்கு ஒரு ஆளைக் கூடுதலாகக் கூப்பிட்டு வைத்துக்கொள்ளலாமா என்று மேஸ்திரியிடம் கேட்டேன். சும்மா நிற்க 700 ரூபாயா என்றார். அதனால் தளம் போடுகிற அன்று ஆறரை மணிக்கு நான் 14 பேருக்கும் போன் அடிக்கிறேன். வர முடியாதவர்கள் யாரிடம் சொல்லிவிட்டாலும் சரி, எனக்கும் ஒரு வார்த்தை சொல்லச் சொல்லியிருக்கிறேன். எல்லாருக்கும் அடித்து முடிக்க இருபது நிமிடம் ஆகிறது. இரண்டு பேர் எடுப்பதே இல்லை. கொத்தனார் ஒருவர் ஒவ்வொரு முறையும் “வந்துகிட்டே இருக்கேன்” என்கிறார், பின்னால் அவர் வீட்டு மிக்ஸி ஓடுகிற சத்தம் கேட்கிறது.